பந்தூஃபிள் என்ற செருப்பும் படிப்புச் செலவும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'பந்தூஃபிள்' என்றால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற செருப்பு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத சங்கதி. அரசாங்கச் செலவில் படித்துவிட்டு, அரசாங்க வேலையை விட்டுப் போகிறவர் திருப்பிக் கட்ட வேண்டிய பணத்துக்கும் பிரான்சில் பந்தூஃபிள் என்றுதான் பெயர்.

பாரீசில் 1794-ல் தொடங்கிய எக்கோல் பொலித்தெக்னிக் பொறியியல் பள்ளியின் மாணவர்கள் பேச்சில் பிறந்த பெயர் இது. படிப்பு முடிந்ததும் முன்வரிசை மாணவர்கள் அரசாங்கத்தின் பெரிய பொறியியல் பதவிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அதை 'பூட்ஸ்' என்றார்கள். அதை வேண்டாமென்று தனியார் கம்பெனிக்குப் போகிறவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டவன். கேலியாகப் பிறந்த சொல், காலப்போக்கில் அவன் திருப்பிக் கட்டும் தொகைக்கே பெயராகிவிட்டது.

வேலை கொடுத்தவர் படிக்க வைக்கிறார். படித்தவர் சில நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு இடம் போகிறார். செலவு செய்த பணம் யாருடையது? இந்தக் கேள்விக்கு இரண்டு நூற்றாண்டாகப் பதில் தேடி வருகிறார்கள். இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பாரீசிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் பட்டம் படிக்கிறார்கள். கம்பெனி கட்டணம் கட்டுகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். கூடவே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதைச் சொல்வதில்லை. அந்தத் தாளின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்து வருஷக் கடன்

நெப்போலியன் 1808 மார்ச் 17-ல் கல்விக்காக ஒரு பெரிய ஆணை பிறப்பித்தார். ஆசிரியர்களை உருவாக்க பாரீசில் ஒரு விடுதிப் பள்ளி அமைக்க வேண்டும், அங்கே சேரும் இளைஞர்கள் குறைந்தது பத்து வருஷம் ஆசிரியப் பணியில் இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அந்தப் பள்ளிதான் பின்னால் எக்கோல் நொர்மால் சுப்பேரியர் என்று புகழ்பெற்றது. பத்து வருஷ நிபந்தனை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அங்கே படிக்கும் பிரெஞ்சு மாணவருக்கு அரசு சம்பளமே கொடுக்கிறது. பத்து வருஷம் முடியாமல் போனால் அந்தச் சம்பளத்தை மீதிக் காலத்துக்கு ஏற்பத் திருப்பிக் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் தாங்கள் வேலைக்கு எடுக்கும் இளைஞருக்காக அந்தத் தொகையைத் தாமே கட்டிவிடுவதும் உண்டு.

இது அரசாங்கத்தின் கதை. தனியார் முதலாளி அப்படி எழுதி வாங்க முடியுமா? அங்கே ஒரு தடை இருந்தது. 1804-ம் வருஷத்து சிவில் சட்டத்தொகுப்பு, நம் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்த அதே 'கோது சிவில்', தன் 1780-ம் பிரிவில் ஒரு வாக்கியம் சொல்கிறது. ஒருவர் தன் உழைப்பை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கோ, ஒரு குறிப்பிட்ட வேலைக்கோதான் ஒப்படைக்க முடியும், ஆயுள் முழுவதற்கும் முடியாது. பழைய அடிமைக் கட்டு திரும்பி வரக்கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. அதிலிருந்துதான், காலவரையறை இல்லாத வேலையை யாரும் எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்ற உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் வேர்விட்டது. ராஜினாமா உரிமையைப் பணத்தால் பூட்டிவிடும் எந்தத் தாளையும் நீதிபதிகள் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இந்த வாக்கியம்தான்.

மாலை வகுப்பு

பாரீசில் சேன் மர்த்தான் தே ஷாம் என்றொரு பழைய மடம் இருக்கிறது. புரட்சிக் காலத்தில், 1794-ல், பாதிரியார் கிரெகுவார் யோசனையின்பேரில் உருவான தொழிற்கலை நிறுவனம் அங்கேதான் குடியேறியது. சுருக்கமாக 'க்னாம்' என்பார்கள். முதலில் இயந்திரங்களைச் சேர்த்துவைத்துக் காட்டும் இடமாக இருந்தது. 1819 முதல் பொதுமக்களுக்கான வகுப்புகள் தொடங்கின. பகலில் பட்டறையிலும் கணக்கறையிலும் உழைத்தவர்கள் மாலையில் வந்து உட்கார்ந்து படித்தார்கள். வேலையை விடாமல் பட்டம் பெறலாம் என்ற வழி பிரான்சில் அங்கிருந்துதான் அகலமானது. எங்கள் தலைமுறையில் பிரான்சுக்குப் போன புதுச்சேரிக்காரர்கள் சிலரும் சனிக்கிழமை வகுப்பு, மாலை வகுப்பு என்று அங்கே ஏறி இறங்கியவர்கள்தான்.

நீண்ட காலம் இந்தப் படிப்பு தொழிலாளியின் சொந்தப் பாடு. முதலாளி தலையிடவில்லை, செலவும் செய்யவில்லை. அதை மாற்றியது 1971 ஜூலை 16-ம் தேதிச் சட்டம். பிரதமர் ஷபான் தெல்மாசுக்கு ஆலோசகராக இருந்த ழாக் தெலோர் பெயரால்தான் அதை இன்றும் சொல்கிறார்கள். குறைந்தது பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம், தான் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் 0.8 சதவீதத்தை ஊழியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று அது விதித்தது. பின்னால் அந்த விகிதம் உயர்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் செலவு முதலாளியின் தயவு அல்ல. அதைக் காட்டி ஊழியரைக் கட்டிப்போட முடியாது. ஆனால் கட்டாயத்துக்கு மேலே, தன் விருப்பத்தில், ஒரு ஊழியரின் பட்டப்படிப்புக்காக முதலாளி பணம் போட்டால்? படிப்பு முடிந்த மறுமாதமே அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால்? அந்தப் பயத்தில் கம்பெனிகள் வேலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கத் தொடங்கின. பிரெஞ்சில் 'க்ளோஸ் தெ தெதி ஃபொர்மசியோன்' என்பார்கள். நாம் படிப்புச் செலவு மீட்பு நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். இத்தனை வருஷத்துக்குள் நீயாக விலகினால் படிப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இரண்டிலிருந்து ஐந்து வருஷம்வரை எழுதுவது வழக்கம்.

நீதிமன்றம் வரைந்த கோடு

இந்த நிபந்தனையைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகமும் முழுதாகச் சொல்லவில்லை. வழக்குகளில்தான் அது உருவம் பெற்றது. பாரீசில் கூர் தெ கஸாசியோன் என்ற உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் நம் ஊர் வழக்குகளும் கடைசியாக அங்கேதான் போய் நின்றன. அந்த நீதிமன்றம் 1991 ஜூலை 17-ல் சொன்னதையும், 2002-ல் மீண்டும் உறுதிசெய்ததையும் எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம். முதலாளி சட்டமோ தொழில் உடன்படிக்கையோ விதித்த அளவுக்கு மேல் உண்மையாகவே செலவு செய்திருக்க வேண்டும். கேட்கும் தொகை அந்தச் செலவுக்கு ஈடான அளவில் இருக்க வேண்டும். அந்தத் தொகை ஊழியரை ராஜினாமா செய்யவே முடியாத நிலைக்குத் தள்ளக்கூடாது.

மூன்றாவது வரியில் பழைய 1780-ம் பிரிவின் நிழல் விழுவதைப் பாருங்கள். கடனைக் கேட்கலாம், கதவைப் பூட்டக் கூடாது.

2004 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு எழுத்து வேலை பார்த்த என்னைப் போன்றவர்களுக்குப் பிடித்தமானது. படிப்பு தொடங்குவதற்கு முன்பே தனியாக ஒரு உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்றது அது. அதில் படிப்பின் தேதி, தன்மை, காலம், முதலாளிக்கு ஆகும் உண்மையான செலவு, திருப்பிக் கட்டும் தொகை, கட்டும் முறை எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லையென்றால் நிபந்தனை செல்லாது. வேலையில் சேரும் நாளன்று, பிற்காலத்தில் ஏதாவது படித்தால் திருப்பித் தருவேன் என்று பொதுவாக எழுதி வாங்குவது பயன்படாது. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து, மறந்துபோனோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டும் தாளும் பயன்படாது. பாதி வழியில் போய்க்கொண்டிருப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் கிடையாது என்பதே காரணம்.

இன்னும் இரண்டு தீர்ப்புகள் இந்தக் கோட்டை முடித்துவைத்தன. 2012 ஜனவரியில், ஊழியர் விலகியதற்கு முதலாளியின் குற்றமே காரணம் என்றால் பணம் கேட்க முடியாது என்று முடிவானது. சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்து, அவரே வெளியேறும்படி செய்துவிட்டு, படிப்புச் செலவை எடு என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரில், படிப்புக் காலத்தில் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை செல்லாது என்று முடிவானது. கட்டணத்தைக் கேட்கலாம், கூலியைக் கேட்கக் கூடாது.

ஒரு கணக்கு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் இருக்கிறார். அவர் பேத்தி பாரீசுக்கு அருகே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருஷம் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினாள். நிறுவனம் கட்டணமாக 6,000 யூரோ கட்டியது. படிப்பு முடிந்து 36 மாதம் வேலை பார்க்க வேண்டும், முன்னால் விலகினால் மீதி மாதங்களுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும் என்பது உடன்படிக்கை. 14 மாதம் முடிந்தபோது வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. ராஜினாமா கொடுத்தாள். நிறுவனம் 8,400 யூரோ கேட்டுக் கடிதம் அனுப்பியது. கட்டணம் 6,000, பரீட்சைக்காகக் கொடுத்த நேரத்துக்கான சம்பளம் 2,400. குறைப்பு எதுவும் இல்லை.

"தாத்தா, நான் வேலைக்குப் போய்ச் சேர்த்ததெல்லாம் இதுக்கே போயிடும் போல இருக்கே" என்று அலைபேசியில் கலங்கினாள். "கையெழுத்துப் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பும்மா, அழுறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நான் வக்கீல் அல்ல. ஆனால் பத்திரத்தைப் பத்திரமாகப் படிப்பது நாற்பது வருஷப் பழக்கம்.

முதலில் தேதி பார்த்தேன். வகுப்பு அக்டோபரில் தொடங்கியிருக்கிறது, கையெழுத்து செப்டம்பரில். ஆகவே தாள் செல்லும். அடுத்து 2,400. அது சம்பளம், 2013 தீர்ப்பின்படி அடித்துவிட வேண்டியது. அடுத்து மாதக் கணக்கு. 36-ல் 14 போனால் 22. 6,000 யூரோவை 36-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,667.

அத்தோடு முடியவில்லை. பிரான்சில் நிறுவனங்கள் பயிற்சிக்காகக் கட்டும் பணத்தைத் திரட்டி, செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் அமைப்புகள் உண்டு. அங்கிருந்து ஏதாவது வந்ததா என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். 1,500 யூரோ வந்திருந்தது. அப்படியானால் நிறுவனத்துக்கு உண்மையில் ஆன செலவு 4,500தான். அதில் 36-க்கு 22 பங்கு, 2,750 யூரோ. அவள் தொழிற்சங்க வக்கீலிடம் இந்தக் கணக்கைக் காட்டினாள். அவர் ஒரு கடிதம் எழுத, நிறுவனம் 2,750-ஐ ஐந்து தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது.

அவள் பணமே கட்டாமல் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தப்பியிருக்கவும் கூடாது என்பது என் கட்சி. படிப்பு அவளோடு போகிறது, பயன் அடுத்த நிறுவனத்துக்கு. முதலாளிக்கு நிஜமாகவே நட்டம் உண்டு. எவ்வளவு நட்டம் என்பதில்தான் சண்டை.

நம் பக்கத்து விதி

நம் நாட்டுக்கு வருவோம். புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் 1972-ம் வருஷத்து விடுப்பு விதிகள்தான். அதில் படிப்பு விடுப்பு என்று ஒரு அத்தியாயம். விடுப்பில் போகுமுன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து மூன்று வருஷத்துக்குள் ராஜினாமா செய்தால் 63-ம் விதி பாயும். விடுப்புச் சம்பளம், படிப்புப் படி, அரசு கட்டியிருந்தால் கட்டணம், பயணச் செலவு எல்லாம் வட்டியோடு திருப்ப வேண்டும். கட்டணம் சாதாரணமாக ஊழியரே கட்டுவது என்பதால் பெரும்பாலும் சம்பளம்தான் பெரிய தொகை. உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற அனுமதிக்கப்பட்டவருக்கும், பொதுநலன் கருதி அரசுசார் நிறுவனத்தில் நிரந்தரமாகச் சேர அனுமதிக்கப்பட்டவருக்கும் விலக்கு உண்டு.

பிரெஞ்சு நீதிமன்றம் சம்பளத்தைக் கேட்காதே என்கிறது. நம் விதி சம்பளத்தைத்தான் முதலில் கேட்கிறது. முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் இரண்டும் வேறு சூழ்நிலை. பாரீசுப் பெண் பகல் முழுதும் வேலை செய்துகொண்டே படித்தாள், வாங்கிய சம்பளம் உழைப்பின் கூலி. நம் படிப்பு விடுப்புக்காரர் அலுவலகம் வராமலே சம்பளம் வாங்கியவர். நொர்மால் பள்ளி மாணவரும் அதே மாதிரிதான். வேலை செய்யாமல் வாங்கியது கடன், வேலை செய்து வாங்கியது கூலி. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்தால் குழப்பம் தீரும்.

நம் தனியார் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான் அளவுகோல். அதன் 74-ம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். 1963-ல் உச்ச நீதிமன்றம் ஃபதே சந்த் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஆகவே இரண்டு லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே இரண்டு லட்சம் கட்டியாக வேண்டும் என்பதில்லை.

அதே சமயம் தாளைக் காற்றில் விட்டுவிடவும் முடியாது. 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று எழுதிக் கொடுத்த அதிகாரி, 2009-ல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அது படிப்புச் செலவு வழக்கல்ல. பொதுத்துறை வங்கி நினைத்தபடி ஆள் எடுக்க முடியாது, விளம்பரம், தேர்வு என்று மறுபடி முதலிலிருந்து செலவு செய்ய வேண்டும் என்பதுதான் வாதம். ஆனால் நீதிபதிகள் அந்தத் தொகையை எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவருடைய பதவியையும் சம்பளத்தையும் பார்க்கும்போது, ராஜினாமா என்பதே வெறும் கானலாகிவிடும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல என்றார்கள்.

பாரீசு நீதிமன்றம் 1991-ல் கேட்ட அதே கேள்விதான் இது. தொகை நியாயமா என்பதோடு, அதைக் கட்டிவிட்டு ஒரு மனிதர் நடந்து வெளியே போக முடியுமா என்பதையும் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை, ஆபீஸில் பணம் கட்டிப் படிக்க வைக்கிறார்கள் என்று சொன்னால், பட்டத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியில் கையெழுத்து வாங்கினார்கள், தொகை கட்டணம் மட்டுமா சம்பளமும் சேர்ந்ததா, மாதத்துக்கு மாதம் குறைகிறதா கடைசி நாள்வரை முழுசாக நிற்கிறதா, நிறுவனமே வெளியே அனுப்பினாலும் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். தாளின் ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும்.